‘இது என்ன கல்?’ பினாங்குக் கடற்கரையில் கிடைத்ததைப் படம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒரு கல் கிடைக்கிறது. உள்ளங்கை அளவு, வழுவழுன்னு உருண்டை. சாம்பல் நிறத்தில் வெள்ளை, கறுப்புப் புள்ளிகள். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “இது என்ன?”ன்னு கேட்கிறீர்கள். ஒருவர் கிரானைட் என்கிறார். இன்னொருவர் வெறும் சிமெண்டுத் துண்டு என்கிறார். மூன்றாமவருக்கு அது விண்கல்!

யார் சொல்வது சரி? படிப்படியாகக் கழித்துப் பார்க்கலாம்.

எங்கே கிடைத்தது?

முதல் துப்பு கல்லில் இல்லை, இடத்தில் இருக்கிறது. பினாங்குத் தீவின் பெரும்பகுதி கிரானைட். கொடிமலையும் அதுதான், பத்து ஃபெரிங்கியின் பெரிய பாறைகளும் அதுதான். பூமிக்கடியில் உருகிய குழம்பு மெதுவாகக் குளிர்ந்து, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருவானது. அதனால் புள்ளி போட்ட கல் என்றதும் முதலில் கிரானைட்டைத்தான் நினைக்க வேண்டும்.

ஆனால் இடம் முடிவைச் சொல்லிவிடாது. கரை அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்கள், கட்டட இடிபாடுகள் எல்லாமே கடலில் உருண்டு வழுவழுப்பாகிவிடும். வடிவத்தை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

புள்ளிகள் எப்படி ஒட்டியிருக்கின்றன?

இதுதான் முக்கியமான கேள்வி. கல்லைக் கழுவி, வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள்.

கிரானைட்டில் துகள்களுக்கு நடுவே பசை எதுவும் இருக்காது. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மூன்று வகைத் துகள்கள் தெரியும். கண்ணாடி போன்ற சாம்பல் நிறம் குவார்ட்ஸ். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார். கல்லைத் திருப்பும்போது அதன் தட்டையான முகம் சட்டென்று பளிச்சிடும். கறுப்புச் செதில்கள் பயோடைட், ஒருவகை மைக்கா. ஊசி முனையால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும்.

கான்கிரீட் வேறு மாதிரி. மணலும் ஜல்லியும் ஒரே நிறச் சாம்பல் பசைக்குள் பதிந்திருக்கும். பசையில் வட்டமான காற்றுத் துளைகள் தெரியும். ஜல்லியே கிரானைட்டாக இருக்கலாம். அதனால் ஒரு மூலையை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம் யாரையும் ஏமாற்றிவிடும்.

படம் சொல்லாததைத் தராசு சொல்லும்

படத்தில் கனம் தெரியாது. சமையலறை டிஜிட்டல் தராசு போதும்.

முதலில் கல்லை நிறுங்கள். 212 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தராசின் மேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். கிண்ணத்தின் அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. இப்போது தராசு 80 காட்டினால், 212ஐ 80ஆல் வகுங்கள். விடை 2.65. அதாவது, தண்ணீரைவிட 2.65 மடங்கு அடர்த்தி.

கிரானைட் பொதுவாக 2.6 முதல் 2.7 வரை. கான்கிரீட் பெரும்பாலும் 2.4 அல்லது அதற்கும் கீழே. தராசு 90 காட்டியிருந்தால் விடை சுமார் 2.36, அப்போது சிமெண்டு என்று சொன்னவர் பக்கம் சாய வேண்டியதுதான்.

கல் சின்னதாக இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. 10 கிராம் கல்லில், தராசு ஒரு கிராம் தவறினாலே விடை தலைகீழாகிவிடும். 100 கிராமுக்கு மேல் இருந்தால் நம்பலாம். அடர்த்தி மட்டும் பெயர் சொல்லாது என்பதும் நினைவிருக்கட்டும். தனிக் குவார்ட்ஸ் கல்லும் 2.65தான்.

அப்போ விண்கல்?

கறுப்பா, கனமா, காந்தம் ஒட்டுது. இந்த மூன்றை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். உலோகம் உருக்கும்போது மிஞ்சும் கசடும் அப்படித்தான் இருக்கலாம். ஜார்ஜ் டவுனின் டத்தோ கெராமாட் சாலையிலேயே பல்லாண்டுகள் ஈய உருக்காலை இயங்கியது.

உடைந்த பக்கத்தைப் பாருங்கள். ஸ்பாஞ்சு மாதிரி குமிழித் துளைகள் நிறைய இருந்தால், அது அநேகமாகக் கசடு. விண்கற்களில் அப்படித் துளைகள் இருப்பது மிக அரிது. நம் சாம்பல் புள்ளிக் கல்லுக்கோ 2.65 அடர்த்தி, பின்னிய துகள்கள், உரியும் மைக்கா. கிரானைட் என்று சொன்னவருக்கே வெற்றி.

படம் அனுப்பும்போது

கல் பக்கத்தில் ஒரு 20 சென் நாணயம் வையுங்கள். நனைந்தபடி ஒரு படம், காய்ந்தபடி ஒரு படம், உடைந்த பக்கம் இருந்தால் அதை மிகக் கிட்டத்தில் ஒரு படம். கிடைத்த இடத்தையும் அடர்த்தி எண்ணையும் கீழே எழுதுங்கள். அப்புறம் குழுவில் யாராவது “விண்கல்”னு சொன்னால், எந்த அடையாளத்தை வைத்துச் சொல்றீங்கன்னு கேட்கலாம்.