நவம்பர் மழையைக் காட்டி விற்ற வீடு

மடிப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டை விற்றுத் தரச் சொல்லி அதன் உரிமையாளர் அம்மா என்னைக் கூப்பிட்டது ஓர் அக்டோபர் மாதம். இரண்டாவது மாடி, அதுவே கடைசி மாடி. 1,050 சதுர அடி. கூடத்தின் வடகிழக்கு மூலையில், உச்சுவரில் இரண்டு கை அகலத்துக்குக் கறை. "பெயின்ட் அடிச்சிட்டுப் போட்டோ எடுத்துடலாமா தம்பி?" என்று கேட்டார். உள்ளூர்க்காரருக்கு விற்கும்போது பலரும் செய்வதைத்தான் அவரும் கேட்டார். ஆனால் இந்த வீட்டை விசாரித்துக்கொண்டிருந்தது அபுதாபியில் 14 வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்ப நினைக்கும் குடும்பம். மூத்த பையனை ஜூனில் இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஏப்ரலில்தான் விமானம் ஏறுவார்கள். அதற்கு முன்பே பத்திரப்பதிவு முடிந்திருக்க வேண்டும் என்றார்கள்.

வீடு விற்கும் தொழிலில் இருக்கும் நான் இப்படிப்பட்ட குடும்பங்களிடம் கற்றது ஒன்று. "என்னை நம்புங்க சார்" என்ற சொல் அவர்களிடம் எடுபடாது. பத்திரம் சரியா, வீடு எப்படி இருக்கிறது, நாம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று அவர்கள் கேட்கும் மூன்று கேள்விகளும் அடியில் ஒன்றுதான். விற்கிறவர் வாயால் கேட்பதை விற்கிறவர் இல்லாமலே சரிபார்க்க அவர்களுக்கு வழி வேண்டும். அந்த வழியைத் திறந்து வைப்பதுதான் இந்த விற்பனையில் விளம்பரம்.

அதனால் பெயின்ட் வேண்டாம் என்றேன். மழைக்குக் காத்திருந்தோம்.

வெளிநாட்டுக் குடும்பங்கள் வீடு பார்க்க வருவது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில். சென்னையின் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். ஆகையால் அவர்கள் பார்க்கும் வீடு எப்போதுமே காய்ந்த வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் வீடு வாங்கும் யாரும் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி எங்க வரைக்கும் வந்துச்சு?" என்பது. அதற்கு ஆகஸ்டில் எடுத்த படம் எந்தப் பதிலும் சொல்லாது.

நவம்பரில் நன்றாகப் பெய்த ஒரு காலையில் அபுதாபிக்கு வீடியோ கால் போட்டேன். எடுத்து வெட்டி ஒட்டிய படத்தை அனுப்பாமல், நிறுத்தாமல் பேசியபடியே நடந்தேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து தெருவுக்குள், அங்கிருந்து கேட் வரை. சாலையை விடத் தரைத்தளம் எவ்வளவு உயரம் என்று காட்டினேன். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, பழைய கட்டடங்களின் தரைத்தளம் தாழ்ந்துபோன தெருக்கள் இங்கே நிறைய. இந்தக் கட்டடத்தில் தரைத்தளம் வண்டி நிறுத்தும் இடம்; மழைநீர் அங்கே கணுக்கால் வரை நின்றது. அதையும் காட்டினேன். பிறகு படியேறிக் கூடத்துக்குப் போய் மூலைக் கறையைக் காட்டினேன். ஈரமாக இருந்தது, விரலை வைத்தால் நீர் ஒட்டியது.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அந்த வீட்டுப் பெண்மணி கேட்டார்: "எங்கேருந்து ஒழுகுது?"

வாங்க மனமில்லாதவர் அதற்குள் போனை வைத்திருப்பார். காரணத்தைக் கேட்கிறார் என்றால் இன்னும் வீட்டுக்குள்தான் நிற்கிறார். மொட்டைமாடிக்கு ஏறினோம். மழைநீர்க் குழாயின் வாயருகே பதித்த தட்டோடுகள் நான்கைந்து உடைந்து, இணைப்புச் சாந்து பெயர்ந்திருந்தது. குழாய் வாயில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கி, அந்த விரிசல் வழியே கீழே இறங்கியிருக்கிறது. கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் நிலையா, மேலே அடைத்தால் தீரும் கசிவா என்று ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பொறியாளரை நான் ஏற்பாடு செய்யவில்லை. "நீங்களே ஒருத்தரை அனுப்புங்க சார், கூலியும் நீங்களே கொடுங்க, கதவு மட்டும் நான் திறந்துவிடுறேன்" என்று கணவரிடம் சொன்னேன். விற்கிறவரிடம் காசு வாங்கிய பொறியாளரின் அறிக்கைக்கு அபுதாபியில் மதிப்பு கிடையாது.

பொறியாளர் உச்சுவரைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். காரை விட்டுப்போன இடத்தில் பொள்ளென்று சத்தம் வரும். கறை இருந்த இடத்தில் மட்டும் ஓரடி அப்படிக் கேட்டது. கம்பி நன்றாக இருந்தது. தரை ஓடுகளையும் அதேபோல் தட்டினார். குளியலறைத் தரையில் தண்ணீர் நிறுத்தி, அடுத்த நாள் கீழ்வீட்டு உச்சுவரைப் பார்த்தார். ஆழ்குழாய்த் தண்ணீரில் கரைந்துள்ள உப்பை மீட்டர் வைத்து அளந்தார். இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம். இங்கே அந்த இரண்டுக்கும் நடுவில்: குளிக்கலாம், துவைக்கலாம், குடிக்க வேறு தண்ணீர் வேண்டும். அதையும் எழுதி அனுப்பினார்.

ஜனவரியில் குடியிருப்போர் சங்கம் தட்டோடுகளை மாற்றியது. குழாய் வாயை அடைத்து மாடியில் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தினோம். அதே மூலையை அதே கோணத்தில் மறுபடி காட்டினேன். காய்ந்திருந்தது. கறையை அப்போதும் மறைக்கவில்லை.

படம் பற்றி இன்னொன்று. அகலக் கண்ணாடி லென்ஸ் வைத்து எடுத்த புகைப்படத்தில் பத்தடி அறை பதினைந்தடி போலத் தெரியும். வந்து இறங்கிய பிறகு கட்டில் போட்டால் கதவு திறக்கவில்லை என்று இன்னொரு குடும்பம் என் முன்னால் நின்றிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு அறையிலும் டேப்பை விரித்து, எண் தெரிய வீடியோ எடுக்கிறேன்.

இனி பத்திரம். பத்திர நகல்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நகலைத் திருத்த முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் எண்களை அனுப்புவேன்: எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், பத்திர எண், ஆண்டு, சர்வே எண். அதை வைத்து அவர்களே tnreginet.gov.in தளத்தில் வில்லங்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பட்டா விவரத்துக்கு eservices.tn.gov.in இருக்கிறது. நான் தூங்கும் நேரத்தில் அவர்கள் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம், அதுதான் வேண்டும்.

பார்த்தார்கள். மறுநாளே கணவரிடமிருந்து போன். "சார், வீடு அடமானத்துல இருக்குதே?"

கடனை அந்த அம்மா 2015-லேயே கட்டி முடித்துவிட்டார். மூலப்பத்திரமும் வங்கியிலிருந்து கைக்கு வந்துவிட்டது. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை யாரும் பதிவு செய்யவில்லை. கடன் வாங்கும்போது பதிவான பதிவு வில்லங்கத்தில் அப்படியே நின்றது. இது நம் ஊரில் மிகவும் சாதாரணமான விடுபடல். உள்ளூர்க்காரர் நேரில் வந்து அசல் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துச் சமாதானமாகிவிடுவார். 2,000 மைல் தள்ளி இருப்பவருக்கு அது மோசடிபோலத் தெரியும். தெரிவதில் தப்பே இல்லை. வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகம் வந்து ரசீதைப் பதிவு செய்ய சில வாரங்கள் பிடித்தன. வெளிநாட்டுக் குடும்பத்துக்கு வீட்டைக் காட்டும் முன்பே விற்கிறவர் தன் வில்லங்கத்தைத் தானே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். இந்த வேலையை நான் நவம்பரிலேயே செய்திருக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றுக்கும் எல்லை உண்டு. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் தெரியும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிக் குத்தகை, நடக்கும் வழக்கு எதுவும் வராது. அதனால் தாய்ப்பத்திரம் முதல் தொடர்ச்சியை ஒரு வழக்கறிஞர் படித்தே ஆக வேண்டும், அவரும் வாங்குகிறவரின் வழக்கறிஞராக இருக்க வேண்டும்.

புது அடுக்குமாடியில் ஒரு கூடுதல் பிடி இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலாகவோ கட்டி விற்பவர், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்து, அந்த எண்ணை விளம்பரத்தில் போட வேண்டும். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. மடிப்பாக்கம் வீடு போன்ற மறுவிற்பனைக்கு இந்தக் காப்பு இல்லை. "ஊர் திரும்புவோருக்குப் பண்ணை வீடு" என்று வரும் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வெளிநாடுவாழ் இந்தியர் அந்த நிலையில் இருக்கும்வரை விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. அதை விற்கிறவருக்கு அது தெரியாமல் இருக்காது.

விலை 79 லட்சத்தில் முடிந்தது. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால், வாங்குகிறவர் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இங்கே 79,000 ரூபாய். விற்கும் அம்மா இங்கேயே வாழ்வதால் கணக்கு இவ்வளவுதான். விற்கிறவரும் வெளிநாட்டில் இருந்தால் பிடிக்க வேண்டிய வரி பல மடங்கு. ஆடிட்டரைக் கேட்காமல் அங்கே கை வைக்கக் கூடாது.

பதிவு நாளில் வாங்குகிறவரும் சார்பதிவாளர் முன் நிற்க வேண்டும். இருவராலும் மார்ச்சில் வர முடியவில்லை. பவர் கொடுப்பது என்று முடிவாயிற்று. "உங்க பேருக்கே பவர் கொடுத்துடட்டுமா?" என்று கணவர் என்னைக் கேட்டார். கூடாது என்றேன். விற்பனையில் கமிஷன் வாங்குகிறவனிடமோ, வீட்டைக் கட்டியவரிடமோ, விற்கிறவரிடமோ பவர் போகக் கூடாது. தாம்பரத்தில் இருந்த அவருடைய மைத்துனர் பெயருக்கு எழுதினோம். பொதுப் பவர் இல்லை. இந்த ஒரு வீட்டை, இந்த விலைக்குள் வாங்கிப் பதிவு செய்ய மட்டும். வாசகத்தை அவர்களுடைய வழக்கறிஞர் இங்கே எழுதி அனுப்ப, அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்றார்கள். அசல் கூரியரில் வந்தது. இந்தியாவுக்குள் வந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டு அபராதம் கட்டியவர்களைத் தெரியும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் பதிவுக்கு முந்தைய 30 நாட்களுக்குள் வாங்கிக்கொண்டோம்.

ஏப்ரல் மூன்றாவது வாரம் குடும்பம் வந்து இறங்கியது. மைத்துனர் சாவியைக் கொடுக்க, நான் ஃபைலைக் கொடுத்தேன். அவர்கள் பெயர் ஏறிய புது வில்லங்கச் சான்று முதலில் இருந்தது. அந்தப் பெண்மணி ஃபைலைத் திறக்கவில்லை. நேராகக் கூடத்து மூலைக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். கறை நவம்பரில் பார்த்த அதே வடிவில் இருந்தது. "இதுக்கு இனிமே பெயின்ட் அடிக்கலாம் இல்லையா அண்ணா?" என்று கேட்டார். அடிக்கலாம் என்றேன். சொத்துவரிப் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, மின் இணைப்பில் மட்டும் இன்னும் பழைய பெயர் இருக்கிறது, அடுத்த பில்லுக்கு முன் மாற்றிவிட வேண்டும் என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.