ஓரத்தில் சிவப்பு மை

திருத்திய தாள் கைக்கு வந்ததும் கண் நேரே மதிப்பெண்ணுக்குத்தான் போகும். 125-க்கு 48 என்று பார்த்ததும் மனம் சோர்ந்துவிடும். தாளை மடித்து வைத்துவிட்டு, அடுத்த தலைப்பை எடுத்து எழுத உட்கார்ந்துவிடுவார்கள். குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களிடம் இது வழக்கமாக நடப்பதுதான். அந்தத் தேர்வின் கட்டுரைத் தாளில் மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்கள், தமிழிலும் எழுதலாம். இதற்காக எழுதிப் பழகும் கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியர் இரண்டு மூன்று சொற்களில் குறிப்பு எழுதித் தருகிறார். படிக்கும்போது தான் எங்கே தடுக்கி நின்றார் என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த இடத்தில் என்ன செய்வது என்பதை மாணவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நகரங்களும் நீரும் பற்றிய ஒரு பயிற்சிக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் பத்தியில் இப்படி இருக்கிறது: ‘நகரமயமாதலால் நீர்நிலைகள் அழிந்துவிட்டன. இதனால் மக்கள் பெரும் துன்பத்துக்கு ஆளாகின்றனர்.’ பக்கத்தில் சிவப்பு மையில் ‘எ.கா.?’

பெரும்பாலோர் இதைப் பார்த்துவிட்டு, ‘இனி நிறைய எடுத்துக்காட்டுகள் தர வேண்டும்’ என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அது தீர்மானம், அதை வைத்து இன்று மாலை எந்த வேலையும் செய்ய முடியாது. வேலையாக எழுதினால் இப்படி வரும்: ‘மூன்றாம் பத்தி, முதல் வரி: அழிந்த ஓர் ஏரியின் பெயர், அங்கே இப்போது இருப்பது. இரண்டாம் வரி: என்ன துன்பம், எந்த ஆண்டு.’ அதைச் செய்து முடித்தபின் பத்தி மாறிவிடுகிறது: ‘சென்னையின் தியாகராய நகர் எழுந்த பகுதியில் ஒரு காலத்தில் நீண்ட ஏரி இருந்தது. ஏரி போய்விட்டது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மிஞ்சியிருக்கிறது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய நகரத்துக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது.’

வேலை முடிந்ததா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. ஊர்ப் பெயரை விரலால் மறைத்துவிட்டுப் படிக்க வேண்டும். அந்த வரி வேறு எந்த நகரத்துக்கும் பொருந்துகிறது என்றால், இன்னும் முடியவில்லை.

‘கோர்வை இல்லை’ என்ற குறிப்புதான் மாணவர்களை அதிகம் ஏமாற்றுவது. பத்திகளின் தொடக்கத்தில் ‘மேலும்’, ‘எனவே’, ‘இந்நிலையில்’ என்று ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஒட்டுப் போட்ட பிறகும் கட்டுரை அப்படியேதான் தடுக்கும். இதற்குச் செய்ய வேண்டியது, ஒவ்வொரு பத்தியும் சொல்வதை ஒரு வரியாகத் தனித்தாளில் எழுதி, அந்த வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படிப்பது. நம் கட்டுரையில் நான்காம் பத்தி மழைநீர் சேகரிப்பு, ஐந்தாவது ஏரி ஆக்கிரமிப்பு, ஆறாவது மறுபடி மழைநீர் சேகரிப்பு. நோய் சொல்லும் முன்பே மருந்து வந்துவிட்டது, அதுவும் இரண்டு முறை. இப்போது வேலை தெளிவாகிவிடுகிறது: நான்காம் பத்தியை எடுத்து ஆறாவதோடு சேர்க்க வேண்டும். இணைப்புச் சொல் எதுவும் தேவைப்படாது. ஏதாவது ஒரு பத்தியை ஒரு வரியில் சொல்ல முடியாமல் திணறினால், அதற்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன என்று பொருள். அதைப் பிரிப்பது இன்னொரு வேலை.

சில குறிப்புகள் எத்தனை முறை படித்தாலும் பிடிபடாது. ‘ஆழம் போதாது’ அப்படிப்பட்டது. ஆசிரியரிடம் போய் ‘ஆழம்னா என்ன சார்?’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். இடத்தைக் காட்டிக் கேட்க வேண்டும்: “சார், ஆறாம் பத்தியில மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினாங்கன்னு மட்டும் எழுதியிருக்கேன். அது ஏன் பல வீட்டுல பலன் தரலைன்னு சொல்லணுமா, இல்ல வேற கோணம் வேணுமா?”

“காரணம் போதும்மா. குழாய் வச்சாங்க, குழியைச் சுத்தம் பண்ணலை. அதை எழுது.”

கட்டுரை முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. குறி விழுந்த பத்திகளை மட்டும் எழுதினால் போதும். அடுத்த கட்டுரைக்கு உட்காரும்போது, போன தாளிலிருந்து இரண்டே வேலைகளைக் குறிப்புத்தாளின் தலைப்பில் எழுதிக்கொண்டு தொடங்கலாம். ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் 90 நிமிடங்களில் அதற்கு மேல் நினைவில் வைத்துக்கொள்வது கடினம்.

அப்படியும் மூன்றாவது தாளில் அதே ‘எ.கா.?’ வந்தால், வேலையைத் தவறாக எழுதிவிட்டார் என்று அர்த்தம். எடுத்துக்காட்டைச் சேர்க்க மறந்திருக்க மாட்டார். சேர்ப்பதற்குக் கைவசம் ஒன்றும் இருந்திருக்காது. அப்போது கட்டுரைத் தாளை மூடிவிட்டு, நாளிதழிலிருந்து தினமும் ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஒரு நிகழ்வு என்று குறித்துவைக்கும் நோட்டு ஒன்றைத் தொடங்க வேண்டும்.