மூன்று பேர் தந்த ஒற்றை ஸ்டார்: ஒரு சேலைக் கடை இணையதளத்தின் பின்வாசலில்

ஒரு இணையக் கடையில் நமக்குத் தெரிவதெல்லாம் முன்பக்கம்தான். அழகான படம், விலை, கீழே ஐந்து ஸ்டார், அதற்கும் கீழே 'சூப்பர் குவாலிட்டி'. அந்த வரியை யார் எழுதினார், எப்போது எழுதினார், எழுதி வந்ததில் எத்தனை வெளியே வந்தது, எத்தனை உள்ளேயே தங்கியது என்பதெல்லாம் நடக்கிற இடம் அட்மின் பக்கம். அதைத் திறந்து காட்ட ஒரு கடைக்காரர் சம்மதித்தால் சும்மா இருக்க முடியுமா? ஓடிப் போய் உட்கார்ந்துவிட்டேன்!

கடை சிறியது. சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கிறார்கள். வேர்ட்பிரஸ் தளம், அதன் மேல் வூகாமர்ஸ். நம் ஊர்ச் சிறு கடைகள் பலவற்றில் இருக்கும் அதே ஏற்பாடுதான். கடையை நடத்தும் அக்கா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

கேட்கிற நாளில்தான் இருக்கிறது சூட்சுமம்

முதலில் காட்டியது, வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் போகும் செய்தி. சேலை போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்துத்தான் அது போகிறது. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன்.

"பார்சல் பிரிச்ச அன்னைக்குக் கேட்டா டப்பாவைத்தான் பாராட்டுவாங்க. ஒரு தடவை தண்ணில நனைச்ச பிறகு கேட்டாத்தான் சேலையைப் பத்திப் பேசுவாங்க" என்றார் அக்கா.

எவ்வளவு சரி! சாயம் போட்ட பருத்திச் சேலையின் குணம் முதல் அலசலில்தான் தெரியும். சாயம் நிற்கிறதா, துணி சுருங்குகிறதா, கஞ்சி போன பிறகு உடம்பில் எப்படி விழுகிறது என்பதெல்லாம் அதற்கு முன்னால் யாருக்கும் தெரியாது. டெலிவரி அன்றே வாங்கும் விமர்சனம் பொய் இல்லைதான். ஆனால் அது கூரியரையும் பேக்கிங்கையும் பற்றியது. அதைச் சேலையின் பக்கத்தில் போட்டால், அடுத்து வாங்குகிறவர் துணியைப் பற்றியது என்று நினைத்துக்கொள்வார்.

செய்தியின் வாசகத்தையும் பாருங்கள்: 'வணக்கம். எங்களிடம் வாங்கிய சுங்குடியை ஒரு முறையாவது துவைத்திருப்பீர்கள். எந்த நிறம் வாங்கினீர்கள்? நிறம், துணி, பார்டர் எப்படி இருக்கின்றன? நல்லதோ குறையோ, உள்ளபடி எழுதுங்கள்.'

வழக்கமாக நமக்கு வருவது எது? 'பிடித்திருந்தால் 5 ஸ்டார் கொடுங்க!' அந்தப் 'பிடித்திருந்தால்' போதும், பிடிக்காதவர் வாசலிலேயே நின்றுவிடுவார். இன்னும் சில கடைகள் முதலில் 'திருப்தியா?' என்று கேட்டு, ஆம் என்றவருக்கு மட்டும் விமர்சன இணைப்பை அனுப்புகின்றன. இல்லை என்றவருக்கு ஒரு புகார்ப் படிவம் போகும். கூகுள் தன் வணிகப் பக்க விமர்சனங்களில் இதை வெளிப்படையாகவே தடுத்திருக்கிறது. விமர்சனத்துக்கு ஈடாகத் தள்ளுபடி கொடுப்பதும் அங்கே கூடாது.

4.1 எப்படி 4.7 ஆகிறது?

இந்த இடத்தில்தான் நான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள், சிலிர்க்கும்!

ஒரு டிசைன், மூன்று நிறம். 120 சேலை விற்றதாக வைத்துக்கொள்வோம். 120 பேருக்கும் செய்தி போகிறது, 31 பேர் எழுதுகிறார்கள். ஐந்து ஸ்டார் 17 பேர், நான்கு 7 பேர், மூன்று 3 பேர், இரண்டு ஒருவர், ஒற்றை ஸ்டார் 3 பேர். மொத்தம் 127 ஸ்டார். 31-ஆல் வகுத்தால் 4.1.

இப்போது திருப்தி அடைந்தவரிடம் மட்டும் கேட்டிருந்தால்? நான்கும் ஐந்தும் கொடுத்த 24 பேர்தான் மிஞ்சுவார்கள். 113 ஸ்டார், 24 பேர், சராசரி 4.7. அந்த 24 பேரும் நிஜ வாடிக்கையாளர்கள், எழுதிய ஒவ்வொரு எழுத்தும் நிஜம். ஒரு பொய் விமர்சனம்கூட இல்லாமலே பக்கம் பொய் சொல்கிறது!

துணிக்கடை உலகிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. ஃபேஷன் நோவா என்ற அமெரிக்க ஆடை நிறுவனத்தின் தளத்தில் நான்கு, ஐந்து ஸ்டார் விமர்சனங்கள் தாமாகவே வெளியாகும்படியும், அதற்குக் குறைந்தவை ஒப்புதலுக்குக் காத்திருக்கும்படியும் அமைப்பு இருந்தது. காத்திருந்தவை வெளியே வரவே இல்லை என்பது அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷனின் குற்றச்சாட்டு. 2022 ஜனவரியில் 42 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

காத்திருப்போர் வரிசை

அதே ஆபத்து சிறு கடையின் அட்மின் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறது. வேர்ட்பிரஸில் `Comment must be manually approved` என்ற பெட்டியில் டிக் போட்டால், எந்த விமர்சனமும் கடைக்காரர் பார்த்த பிறகுதான் வெளியே வரும். வசைச்சொல், விளம்பர இணைப்பு, யாருடைய போன் நம்பராவது வந்தால் தடுக்க இது தேவைதான். ஆனால் ஐந்து ஸ்டாரைப் பார்த்ததும் விரல் தானாக ஒப்புதலை அழுத்தும், ஒற்றை ஸ்டாரைப் பார்த்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று நகரும். யாரும் திட்டம் போட்டு மறைக்க வேண்டியதில்லை. தள்ளிப்போட்டாலே போதும்.

அக்காவின் தீர்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. விமர்சனங்களை வந்த தேதி வரிசையில்தான் அனுமதிக்கிறார், பழையதைத் தாண்டிப் புதியதைத் தொடுவதில்லை. நீக்கினால் காரணத்தை ஒரு நோட்டில் எழுதிவிடுகிறார். 'பிடிக்கவில்லை' என்பது அந்த நோட்டில் செல்லுபடியாகும் காரணம் இல்லை. உங்கள் கடையைச் சோதிக்க விருப்பமா? `Pending` பட்டியலைத் திறந்து ஸ்டார்களை மட்டும் பாருங்கள். எல்லாமே ஒன்றும் இரண்டுமாக இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

வாங்கியவர் முத்திரை எப்போது விழுகிறது?

அடுத்துத்தான் நான் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டேன். விமர்சகர் பெயருக்குப் பக்கத்தில் வரும் `verified owner` முத்திரை! வூகாமர்ஸ் இதை எப்படி முடிவு செய்கிறது? விமர்சனம் எழுதியவரின் கணக்கோ மின்னஞ்சலோ, அந்தப் பொருளை வாங்கிய ஓர் ஆர்டரோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. அந்த ஆர்டர் `Completed` ஆக வேண்டும் என்பதுகூட இல்லை, `Processing` என்றாலே போதும். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரோ போட்டவுடனே `Processing` ஆகிவிடும். அதாவது சேலை கடையை விட்டுக் கிளம்பும் முன்பே முத்திரை தயார்! பிறகு பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்பினாலும், முன்பே விழுந்த முத்திரை தானாக மறையாது.

இன்னொரு பக்கம், நிஜமாக வாங்கியவருக்கு முத்திரை கிடைக்காமலும் போகும். நம் ஊரில் பலர் போன் நம்பரைச் சரியாகக் கொடுப்பார்கள், மின்னஞ்சல் இடத்தில் எதையாவது தட்டிவிடுவார்கள். விமர்சனம் எழுதும்போது வேறு மின்னஞ்சல் வரும், பொருத்தம் இல்லை. அதனால் அக்கா முத்திரையை மட்டும் நம்புவதில்லை. விமர்சன இணைப்பு டெலிவரி ஆன நம்பர்களுக்குத்தான் போகிறது, அனுமதிக்கும் முன் டெலிவரிப் பட்டியலிலும் ஒரு முறை பார்த்துக்கொள்கிறார்.

சொந்தக்காரர்கள், கடையில் வேலை செய்பவர்கள்? அவர்களுக்கு இணைப்பே கிடையாது. விற்பவரே வாடிக்கையாளர் போல விமர்சனம் எழுதக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பு விமர்சனங்களுக்காகவே IS 19000:2022 என்று ஒரு தரநிலையையும் வெளியிட்டிருக்கிறது. காசு கொடுத்து எழுத வைத்தவையும் அதற்கென ஆள் வைத்து எழுதியவையும் கூடாது என்கிறது அது.

அந்த மூன்று பேர்

இனி தலைப்புக்கு வருவோம். நம் கணக்கின் ஒற்றை ஸ்டார்கள் மூன்றையும் திறந்தால், மூன்றும் மெரூன்! முதல் அலசலிலேயே சாயம் விட்டு, கூட ஊறிய வெள்ளை வேட்டி ரோஸ் ஆன கதை. பச்சையிலும் மஞ்சளிலும் அப்படி ஒரு புகார்கூட இல்லை.

வூகாமர்ஸில் விமர்சனம் பொருளோடுதான் சேரும், நிறத்தோடு சேராது. மூன்று நிறத்துக்கும் ஒரே 4.1 தான். செய்தியில் 'எந்த நிறம்' என்று கேட்டதால்தான் குறை எங்கே என்று தெரிந்தது. இதற்குக் கடை செய்ய வேண்டியது என்ன? மெரூனை விற்பனையிலிருந்து எடுத்து, சாயம் போடுகிறவரிடம் பேச வேண்டும். பக்கத்தில் 'முதல் இரண்டு அலசல் தனியாக' என்று எழுத வேண்டும். ஒற்றை ஸ்டார்களுக்குக் கீழே நடந்ததைச் சொல்லிப் பதில் போட வேண்டும். பழைய பக்கத்தை அழித்துவிட்டு அதே சேலைக்குப் புதுப் பக்கம் திறப்பது சுலபமான வழி, ஸ்டார் எல்லாம் துடைத்தது போல் ஆகிவிடும். அதை மட்டும் செய்யவே கூடாது.

இன்னொன்று, தேடுபொறிக்குப் போகும் எண்ணும் பக்கத்தில் தெரியும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்:

```json
{
  "@context": "https://schema.org",
  "@type": "Product",
  "name": "சுங்குடிச் சேலை",
  "aggregateRating": {
    "@type": "AggregateRating",
    "ratingValue": "4.1",
    "reviewCount": "31"
  }
}
```

இது பொருளுக்கு மட்டும் செல்லும். கடை தன் தளத்தில் தன்னைப் பற்றியே போட்டுக்கொள்ளும் ஸ்டாரை 2019 முதல் கூகுள் தேடல் முடிவில் காட்டுவதில்லை.

முகப்புக்கு ஏறும் வாட்ஸ்அப்

கடைசியாக, முகப்பில் மின்னும் பாராட்டுகள். இவை வாட்ஸ்அப்பில் வந்தவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவை, அதில் தவறில்லை. ஆனால் வெட்டுகிற இடத்தில் கவனம் வேண்டும். 'கலர் சூப்பர், ஆனா பார்டர் நினைச்சதை விட சன்னம்' என்று வந்ததில் முதல் இரண்டு சொல்லை மட்டும் எடுத்தால், சொன்னவர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் சொன்னதாகிவிடும். அக்கா முழு வரியையும் போடுகிறார். போடும் முன் அந்த வரியையே எழுதியவருக்கு அனுப்பி, 'இதைப் பெயரோடும் ஊரோடும் போடலாமா?' என்று கேட்கிறார். ஸ்கிரீன்ஷாட் போடுவதில்லை, நம்பரும் புரொஃபைல் படமும் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பதால். அந்த மாதிரிப் பாராட்டு ஒவ்வொன்றின் அடியிலும் எல்லா விமர்சனங்களுக்கும் போகும் இணைப்பு இருக்கிறது.

ஸ்டாருக்குக் கீழே ஒரு சின்ன வரி சேர்க்கச் சொல்லி அக்காவை நச்சரித்துவிட்டுத்தான் கிளம்பினேன். நம் கணக்கை வைத்துச் சொன்னால்: '120 பேரிடம் கேட்டோம், 31 பேர் எழுதினார்கள், ஒன்றையும் நீக்கவில்லை.' கேட்டது எத்தனை, வந்தது எத்தனை, நீக்கியது எத்தனை என்று இந்த மூன்று எண்ணையும் சொல்லும் கடையில், 4.1-ஐப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு சேலை எடுப்பேன். மெரூனைத் தவிர!