ஆள் கிடைக்காததற்கு விளம்பரமே காரணம் என்றால்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்று கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பதவிக்கு 'கமர்ஷியல் எக்ஸிகியூட்டிவ்' என்று பெயர். எம்.காம். அல்லது சி.ஏ. இன்டர் முடித்திருக்க வேண்டும், ஏற்றுமதி நிறுவனத்தில் 8 ஆண்டு அனுபவம் வேண்டும், எஸ்.ஏ.பி. மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும். வயது 30-க்குள் இருக்க வேண்டும். மூன்று வாரத்தில் 64 விண்ணப்பங்கள் வருகின்றன. நேர்காணலுக்கு அழைக்கும்படி ஒருவர்கூட இல்லை. "இப்போதெல்லாம் வேலை தெரிந்த ஆளே கிடைப்பதில்லை" என்கிறார் கணக்கு மேலாளர். அதே விளம்பரத்தை இன்னொரு மாதம் ஓட்டச் சொல்கிறார் முதலாளி.

இந்த நிறுவனமும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. ஆனால் இப்படிப்பட்ட விளம்பரங்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர் இந்த நேரத்தில் மேலாளருக்கும் முதலாளிக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும்: விளம்பரத்தின் தகுதிகளை ஏன் திருத்த வேண்டும் என்று. 'கொஞ்சம் தளர்த்தலாமே' என்று மட்டும் எழுதினால் அது எடுபடாது. தரத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்றுதான் மேலாளர் நினைப்பார். வந்த விண்ணப்பங்களே பேச வேண்டும்.

அதற்கு முதல் வேலை, நிராகரித்த 64-ஐயும் மறுபடி எடுத்து வைத்து, ஒவ்வொருவரும் எந்த வரியில் தவறினார் என்று ஒரு தாளில் குறிப்பது. பெயருக்கு ஒரு வரிசை, தகுதிக்கு ஒரு பத்தி. எக்செல் போதும், அரை நாள் பிடிக்கும். நம் எடுத்துக்காட்டில் 22 பேர் அப்போதுதான் கல்லூரி முடித்தவர்கள். 9 பேர் மெர்ச்சண்டைசிங் வேலை பார்த்தவர்கள். 'கமர்ஷியல்' என்ற சொல்லைப் பார்த்து விண்ணப்பித்திருக்கிறார்கள். இந்த 9 பேர் வந்ததற்குப் பதவியின் பெயர்தான் காரணம். மீதி 33 பேரும் ஏற்கெனவே கணக்கு எழுதுகிறவர்கள். எனவே 'ஆளே இல்லை' என்ற பேச்சு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது. 33 பேர் வந்து, நான்கு வரிகளில் ஏதோ ஒன்றிலோ இரண்டிலோ விழுந்திருக்கிறார்கள்.

அடுத்து, வரிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். பிளஸ் டூ முடிக்கும்போது 17 அல்லது 18 வயது. பி.காம். முடிக்க 20, 21. எம்.காம். முடிக்க 22, 23. அதன்பின் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் 8 ஆண்டு வேலை பார்த்திருந்தாலும் 30 அல்லது 31 ஆகிவிடும். விளம்பரமோ 30-க்குள் என்கிறது. வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.காம். முடித்தவர் போன்ற ஒரு சிலர் மட்டுமே இதற்குள் வர முடியும். ஒவ்வொரு வரியும் தனியாகப் படித்தால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. சேர்த்துப் படிக்கும்போதுதான் அது கதவைத் தானே சாத்திக்கொண்டது தெரிகிறது. கணக்குப் பணியிடங்களில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது 2017 ஜூலை 1. 'ஜி.எஸ்.டி.யில் 10 ஆண்டு அனுபவம்' என்று கேட்டால், முதல் நாளிலிருந்து அந்த வேலையைச் செய்தவருக்கும் 2027 ஜூலையில்தான் அந்தத் தகுதி கிடைக்கும். மென்பொருள் துறையிலும் இது நடந்திருக்கிறது. ஃபாஸ்ட்ஏபிஐ என்ற நிரல் கட்டமைப்பை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ், 2020-இல் ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பைச் சுட்டிக்காட்டினார். அதில் ஃபாஸ்ட்ஏபிஐயில் 4 ஆண்டுக்கு மேல் அனுபவம் கேட்டிருந்தார்கள். அதை அவர் உருவாக்கியே ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது.

இத்தகைய வரிகள் எங்கிருந்து வருகின்றன? குறிப்பு எழுதுகிறவர் இதை அவசியம் விசாரிக்க வேண்டும். நம் நிறுவனத்தில் எஸ்.ஏ.பி. ஒரு பெரிய ஆலையின் விளம்பரத்திலிருந்து அப்படியே எடுத்தது. இங்கே எல்லாக் கணக்கும் டாலியில்தான் ஓடுகிறது. எம்.காம்., முன்பு இந்த வேலையில் இருந்து விலகிப் போனவரின் படிப்பு. பெரும்பாலும் விளம்பரம் என்பது விலகிப் போனவரின் உருவப்படமாகவே அமைந்துவிடுகிறது. அவர் சேர்ந்த அன்றைக்கு இவற்றில் பாதி அவரிடம் இருந்திருக்காது. இங்கே இருந்து கற்றுக்கொண்டவை அவை. அவருடைய கடைசி நாள் நிலையைப் புதியவரின் முதல் நாளுக்குக் கேட்பது சரியில்லை. இப்போது பக்கத்து மேசையில் அதே வேலையை நன்றாகச் செய்துகொண்டிருப்பவர் என்ன படித்திருக்கிறார் என்று பார்த்தாலே பட்டம் தேவையா என்பது விளங்கிவிடும். அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளி 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதையே பார்த்தது. 2015-இல் உற்பத்தி மேற்பார்வையாளர் வேலைக்கான விளம்பரங்களில் 67 சதவீதம் கல்லூரிப் பட்டம் கேட்டன. அந்த வேலையில் அப்போது இருந்தவர்களில் 16 சதவீதத்தினரிடம்தான் பட்டம் இருந்தது.

சரி, எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. எதைக் கேட்டே ஆக வேண்டும்? இதற்கு மேலாளரிடம் 'எப்படிப்பட்ட ஆள் வேண்டும்' என்று கேட்டால் பழைய பதிலேதான் வரும். 'போன மாதம் இந்த மேசையில் எந்தத் தேதியில் என்ன வேலை நடந்தது' என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் இரண்டு வேலைகள் மேலே வருகின்றன. ஒன்று, GSTR-2B ஒப்பீடு. நாம் சரக்கு வாங்கியவர்கள் அவரவர் தாக்கல் செய்த பில்களைத் தொகுத்து, ஜி.எஸ்.டி. தளம் மாதந்தோறும் 14-ஆம் தேதி இந்தப் பட்டியலைத் தருகிறது. மாதக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்கள் GSTR-3B படிவத்தை 20-ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும். 2022 ஜனவரி முதல், இந்தப் பட்டியலில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. நூல் விற்றவர் தாக்கல் செய்ய மறந்தாலோ நம் பதிவு எண்ணைத் தவறாக அடித்தாலோ பணம் முடங்குவது நமக்குத்தான். எனவே அந்த ஆறு நாளுக்குள் பில்லைப் பில்லாக ஒத்துப்பார்த்து, விடுபட்டவர்களைத் தொலைபேசியில் பிடித்துச் சரிசெய்ய வைக்கிறவர் வேண்டும்.

இன்னொன்று ஜாப் ஒர்க் கணக்கு. திருப்பூரில் துணி ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணி டையிங்குக்குப் போகிறது, பிறகு காம்பாக்டிங், பிரிண்டிங். ஒவ்வொரு முறையும் டெலிவரி சலான் போட்டு அனுப்புகிறோம். இப்படி அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வரவேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே அதை விற்றுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சலான்களை வரிசையாகத் தொடர்ந்து, ITC-04 படிவத்தில் கணக்குக் காட்டத் தெரியாதவர் எம்.காம். படித்திருந்தும் இந்த மேசைக்குப் பயனில்லை. இதைத் தளர்த்தவே கூடாது. பழைய விளம்பரத்தில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு சொல் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. இந்த வேலையை நன்றாகத் தெரிந்த ஒரு பி.காம். பட்டதாரி, 34 வயதுக்காரர், அதைப் படித்துவிட்டு விண்ணப்பிக்காமலே போயிருப்பார். அவர் அந்த 64-இல் இல்லை. நம் தாளில் அவருக்கு வரிசையும் இல்லை.

இனி குறிப்பை எழுதலாம். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை:

"வணக்கம் சார். கணக்குப் பிரிவுக்கு வந்த 64 விண்ணப்பங்களையும் வரிவரியாகப் பார்த்தேன். தாள் இணைத்திருக்கிறேன். 31 பேர் அனுபவம் இல்லாதவர்கள் அல்லது வேறு வேலை பார்த்தவர்கள். கணக்கு வேலை தெரிந்த 33 பேரில் நான்கு தகுதியும் உள்ளவர் யாரும் இல்லை. வயது, எஸ்.ஏ.பி. இரண்டையும் எடுத்துவிட்டால் 5 பேர் தேறுகிறார்கள். எம்.காம். என்பதை பி.காம். என்று மாற்றினால் 16 பேர். அவர்களில் 2B ஒப்பீடும் ஜாப் ஒர்க் கணக்கும் தாங்களே செய்ததாக எழுதியிருப்பவர்கள் 9 பேர். நம் கணக்கு டாலியில் இருப்பதால் எஸ்.ஏ.பி. இப்போது தேவைப்படவில்லை. 8 ஆண்டு அனுபவத்தை மாற்றச் சொல்லவில்லை. பதவியின் பெயரை 'அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்' என்று மாற்றி, அந்த இரண்டு வேலைகளையும் விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதலாம். நேர்காணலில் அரை மணி நேரம் செய்முறையாகப் பார்த்துவிடலாம். புது விளம்பரம் போகும் முன்பு இந்த 9 பேரையும் அழைக்க உங்கள் அனுமதி வேண்டும்."

இதில் யார் மீதும் பழி இல்லை என்பதைக் கவனியுங்கள். விளம்பரத்தை எழுதியவர் பெரும்பாலும் இதைப் படிக்கும் மேலாளராகவே இருப்பார். 'நீங்கள் தவறாக எழுதிவிட்டீர்கள்' என்ற தொனி வந்தால் அவர் ஒவ்வொரு வரியையும் காக்கத் தொடங்குவார். ஒரு வரியை எடுத்தால் எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்று அடுத்தடுத்துக் காட்டும்போது முடிவு அவருடையதாகவே இருக்கிறது. அனுபவ ஆண்டை மாற்றாமல் விட்டதற்கும் காரணம் உண்டு. எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் எது பயன் தந்தது என்று பிறகு சொல்ல முடியாது.

செய்முறைத் தேர்வைப் பற்றி ஒரு சொல். பட்டத்தை விட்டுக்கொடுக்கத் தயங்கும் மேலாளருக்கு அதுதான் உத்தரவாதம். 20 பில் கொண்ட ஒரு கொள்முதல் பதிவேடும், அதற்கான மாதிரி 2B பட்டியலும் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பில்லில் வரித்தொகை மாறியிருக்கட்டும், ஒன்று பட்டியலிலேயே வராமல் இருக்கட்டும், ஒன்று இரண்டு முறை பதிவாகியிருக்கட்டும். மூன்றையும் கண்டுபிடிக்கிறாரா, கண்டுபிடித்தபின் யாரிடம் என்ன கேட்பேன் என்கிறார் என்று பார்த்தால் போதும். எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் ஒரே தாள்தான் கொடுக்க வேண்டும். முதலாளிக்குத் தெரிந்தவர் பரிந்துரைத்த ஆளுக்கும் அதேதான்.

தகுதிகளைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்தக் குறிப்பு வாக்குக் கொடுக்கக் கூடாது. அந்த 9 பேரையும் அழைக்கும்போது, நேரம் ஒத்துக்கொண்டவர்கள் சம்பளத்தைக் கேட்டதும் பின்வாங்கினால் கோளாறு சம்பளத்தில்தான் இருக்கிறது. அப்போது தகுதி வரிகளை இன்னும் தளர்த்துவது வேலை தெரியாதவர்களைத்தான் கொண்டுவரும். புது விளம்பரத்துக்கும் கல்லூரி முடித்தவர்களே திரும்பத் திரும்ப வந்தால், அனுபவம் உள்ளவர்கள் பார்க்காத இடத்தில் விளம்பரம் ஓடுகிறது என்று பொருள். அப்போது ஊரிலுள்ள ஆடிட்டர் அலுவலகங்களில் சொல்லி வைப்பது கூடுதல் பலன் தரும், ஜி.எஸ்.டி. வேலையைக் கையால் செய்து பழகியவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். திருத்திய விளம்பரத்தை இரண்டு வாரம் ஓடவிட்டு மறுபடி அதே தாளைப் போடுங்கள். மொத்த விண்ணப்பம் 64-லிருந்து 40 ஆகக் குறைந்தாலும் கவலை வேண்டாம். அந்த 40-இல் 2B-யும் ஜாப் ஒர்க்கும் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணை மட்டும் முதலாளியிடம் காட்டுங்கள்.