வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதா, மிச்சப் பணத்தை முதலீடு செய்வதா? மூலக்குளம் தம்பதிக்கு நிதி ஆலோசகர் சொன்ன கணக்கு

மாதச் செலவெல்லாம் போக கையில் 15,000 ரூபாய் நிற்கிறது. அதை வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டுவதா, மியூச்சுவல் ஃபண்டில் போடுவதா? புதுச்சேரி மூலக்குளத்தில் சொந்த வீடு கட்டிக் குடியேறிய ஒரு தம்பதிக்குள் இதுதான் தீராத வாக்குவாதம்.

கணவருக்கு வயது 41. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தனியார் நிறுவன வேலை, கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 28,000 ரூபாய். ஒரே மகள் 6-ஆம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுக் கடனில் பாக்கி 30 லட்சம். வட்டி 8 சதவீதம், மிச்சம் இருப்பது 15 வருடம், இஎம்ஐ 28,670 ரூபாய்.

"கடன் இருக்கிற வரைக்கும் நிம்மதியா தூங்க முடியல சார், முதல்ல அதை முடிச்சிடலாம்" என்பது கணவரின் வாதம். "எல்லாத்தையும் பேங்க்ல கட்டிட்டா, பொண்ணு காலேஜ் போறப்ப மறுபடியும் கடன்தானே வாங்கணும்?" என்பது மனைவியின் கேள்வி. இரண்டையும் கேட்டுக்கொண்ட நிதி ஆலோசகர், "ரெண்டு பேரும் சொல்றது சரிதான். ஆனா வரிசை முக்கியம்" என்று தொடங்கினார்.

கூடுதலாகக் கட்டினால் என்ன லாபம்?

30 லட்சத்துக்கு 8 சதவீத வட்டி என்றால் முதல் மாத வட்டி மட்டும் 20,000 ரூபாய். 28,670 ரூபாய் இஎம்ஐ-யில் அசலில் கழிவது வெறும் 8,670 ரூபாய்தான். ஆனால் கூடுதலாகக் கட்டும் பணம் முழுவதும் அசலில் கழியும். அதனால்தான் ஆரம்ப வருடங்களில் கட்டுவதற்குப் பலன் அதிகம்.

இன்றைக்கு ஒரு லட்சம் ரூபாயை அசலில் கட்டி, இஎம்ஐ-யை மாற்றாமல் விட்டால், கடன் சுமார் 11 மாதம் முன்னதாகவே முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி சுமார் 2.2 லட்சம். "ஒரு லட்சம் கட்டினா ரெண்டே கால் லட்சம் மிச்சமா!" என்று கணவர் உற்சாகமானார்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள் என்கிறார் ஆலோசகர். அந்த 2.2 லட்சம் இன்றைக்குக் கைக்கு வருவதில்லை. 14 வருடம் கழித்து, கடைசி 11 மாத இஎம்ஐ கட்டாமல் விடும்போதுதான் வருகிறது. அதே ஒரு லட்சத்தை 8 சதவீத வருமானம் தரும் இடத்தில் 15 வருடம் விட்டு வைத்தால் சுமார் 3.3 லட்சமாக வளர்ந்திருக்கும், அதாவது லாபம் 2.3 லட்சம். ஆக இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 8 சதவீதக் கடனை அடைப்பது, 8 சதவீத வட்டி தரும் டெபாசிட்டில் பணம் போடுவதற்குச் சமம். வித்தியாசம் என்னவென்றால், இந்த 8 சதவீதத்துக்கு வரி கிடையாது, சந்தை ஏறி இறங்கும் பயமும் கிடையாது.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் வருடத்துக்கு 2 லட்சம் வரை அங்கே கழிவு கிடைக்கும். அதனால் கடனின் உண்மையான செலவு 8 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். புதிய வரி முறையில் இந்தக் கழிவு இல்லை. மூலக்குளம் தம்பதி இருவரும் புதிய முறையில் இருப்பதால், அவர்களுக்கு 8 என்பது 8-தான்.

முதலீடு எப்போது ஜெயிக்கும்?

15,000 ரூபாயை வைத்து ஆலோசகர் இரண்டு வழிகளையும் 15 வருடத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

முதல் வழியில் 15,000 ரூபாயும் கடனுக்கே போகிறது. கடன் 15 வருடத்துக்குப் பதில் 7 வருடம் 8 மாதத்தில் முடிந்துவிடும். வட்டியில் சுமார் 11 லட்சம் மிச்சம். அதன் பிறகு இஎம்ஐ-யும் சேர்த்து மாதம் 43,670 ரூபாயை மிச்சக் காலம் முழுவதும் முதலீடு செய்கிறார்கள். இரண்டாவது வழியில் கடன் அதன் போக்கில் ஓடுகிறது, 15,000 ரூபாய் முதல் மாதத்திலிருந்தே முதலீட்டுக்குப் போகிறது.

முதலீடு வருடத்துக்கு 8 சதவீதம் தந்தால், 15 வருட முடிவில் இரண்டு வழியிலும் கையில் இருப்பது சுமார் 52 லட்சம். வித்தியாசமே இல்லை. முதலீடு 6 சதவீதம்தான் தந்தது என்றால் முதல் வழியில் 48 லட்சம், இரண்டாவது வழியில் 43.6 லட்சம். கடனை அடைத்தவர் 4 லட்சத்துக்கு மேல் முன்னால் நிற்கிறார். 11 சதவீதம் தந்தால் கதை தலைகீழ். முதல் வழியில் 58.5 லட்சம், இரண்டாவது வழியில் 68 லட்சம்.

அந்த 11 சதவீதம் பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டில்தான் எதிர்பார்க்க முடியும், அதுவும் உறுதி இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டை விற்கும்போது, அந்த வருட லாபத்தில் 1.25 லட்சத்துக்கு மேல் உள்ள தொகைக்கு 12.5 சதவீத வரியும் உண்டு. மொத்தத்தையும் ஒரே வருடத்தில் விற்றால், வரி போக இரண்டாவது வழியின் லாபம் சுமார் 7 லட்சமாகக் குறையும்.

"8 பர்சென்ட் கடனை வச்சிக்கிட்டு அதைவிடக் குறைஞ்ச வட்டிக்கு எஃப்.டி. போடறதுல அர்த்தமே இல்ல. அவசரத்துக்கு வைக்கிற பணம் மட்டும்தான் அதுக்கு விதிவிலக்கு" என்றார் ஆலோசகர்.

அதற்கு முன் பார்க்க வேண்டியது என்ன?

முதல் வேலை, கடனின் வட்டி விகிதத்தைச் சரிபார்ப்பது. ரிசர்வ் வங்கி 2025-ஆம் ஆண்டில் ரெப்போ விகிதத்தை நான்கு முறை குறைத்தது. 6.5 சதவீதமாக இருந்தது டிசம்பரில் 5.25 சதவீதமானது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்படுகின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியை அதற்கேற்ப மாற்ற வேண்டும். இந்தத் தம்பதியின் கடன் அப்படிப்பட்டது என்பதால் 9.25-லிருந்து 8-க்கு இறங்கியிருக்கிறது. அதற்கு முந்தைய கடன்களும், வீட்டு வசதி நிதி நிறுவனங்களில் வாங்கிய கடன்களும் அதே வேகத்தில் இறங்கியிருக்காது. வட்டி இன்னும் 9 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அடைப்பதா முதலீடா என்று யோசிப்பதற்கு முன், குறைந்த வட்டிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதே முதல் லாபம். அதற்கு ஒரு முறை கட்டணம் வாங்குவார்கள். அந்தக் கட்டணம் எத்தனை மாத வட்டி மிச்சத்தில் திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, அவசர நிதி. இஎம்ஐ உட்பட இந்தக் குடும்பத்தின் மாதச் செலவு 75,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு 4.5 லட்சம் வேண்டும். அவர்களிடம் இருப்பது 3.6 லட்சம். "கடன்ல கட்டின பணத்தை, வேலை போயிடுச்சுன்னு திருப்பிக் கேட்டா பேங்க் தராது. நீங்க முன்னாடி எவ்ளோ கட்டியிருந்தாலும் அடுத்த மாச இஎம்ஐ கட்டியே ஆகணும்" என்று ஆலோசகர் எச்சரித்தார். அதனால் முதல் ஆறு மாதம் 15,000 ரூபாயும் அவசர நிதிக்கே. ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சிக்கல் குறைவு. அதில் போட்ட உபரிப் பணத்தைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் வட்டி சற்று அதிகமாக இருக்கும்.

முடிவாக என்ன சொன்னார்?

ஆறு மாதம் கழித்து 15,000 ரூபாயை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். 8,000 ரூபாய் கடனுக்கு, 7,000 ரூபாய் மகள் படிப்புக்கான எஸ்ஐபி-க்கு.

மாதம் 8,000 கூடுதலாகக் கட்டினாலே 15 வருடக் கடன் 10 வருடத்துக்குள் முடிந்துவிடும், வட்டியில் சுமார் 8 லட்சம் மிச்சம். கணவருக்கு அப்போது வயது 51 அல்லது 52. ஓய்வுக் காலத்துக்குச் சேர்க்க, இஎம்ஐ இல்லாத சில வருடங்கள் கையில் இருக்கும்.

7,000 ரூபாய் ஏன்? மகள் பிளஸ் டூ முடிக்க சுமார் ஏழு வருடம் இருக்கிறது. முழுப் பணத்தையும் கடனில் கட்டினால், கடன் முடிவதற்குள் கல்லூரிக் கட்டணம் வந்து நிற்கும். அப்போது கையில் பணம் இல்லாமல், வீட்டுக் கடனைவிட அதிக வட்டிக்கு வேறு கடன் வாங்க நேரலாம். 8 சதவீதத்தைக் கூடுதலாக அடைத்துவிட்டு 11 சதவீதத்துக்குக் கடன் வாங்குவது நஷ்டம். மாதம் 7,000 ஏழு வருடத்தில் 5.88 லட்சம் முதலீடு. 8 சதவீதம் கிடைத்தால் சுமார் 7.85 லட்சமாகும். கல்லூரிக்கு இரண்டு மூன்று வருடம் இருக்கும்போதே பங்கு ஃபண்டிலிருந்து பணத்தைச் சிறிது சிறிதாக டெபாசிட்டுக்கு மாற்றிவிட வேண்டும். கட்டணம் கட்டும் வருடத்தில் சந்தை விழுந்தால் காத்திருக்க முடியாது.

வங்கியில் கட்டும்போது எங்கே தவறு நடக்கிறது?

மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க, தனிநபர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் வேறு இரண்டு இடங்களில் பலன் நழுவிவிடும்.

ஒன்று, கூடுதல் பணத்தைக் கடன் கணக்கில் சும்மா போட்டுவிடுவது. அது அசலில் கழியாமல், அடுத்த மாத இஎம்ஐ-க்கான முன்பணமாக நின்றுவிடலாம். "பார்ட் பேமென்ட், அசலில் கழிக்கவும்" என்று குறிப்பிட்டுக் கட்ட வேண்டும். குறைந்தபட்சத் தொகை கேட்கும் வங்கி என்றால், மாதம் 8,000 சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை 24,000 ஆகக் கட்டலாம்.

இன்னொன்று, இஎம்ஐ குறைய வேண்டுமா, காலம் குறைய வேண்டுமா என்ற தேர்வு. காலம் குறைய வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். இஎம்ஐ-யைக் குறைத்துக்கொண்டு, அந்த மிச்சத்தைச் செலவு செய்துவிட்டால் 8 லட்ச மிச்சக் கணக்கு நடக்காது.

சரியாகக் கழிந்ததா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. அடுத்த மாதக் கடன் ஸ்டேட்மென்டில், வழக்கமாகக் கழியும் அசலோடு இந்த 8,000 ரூபாயும் சேர்த்துப் பாக்கி குறைந்திருக்க வேண்டும். வட்டி, கூடுதலாகக் கட்டாமல் இருந்தால் வந்திருக்கக்கூடிய தொகையைவிட 53 ரூபாய் குறைவாக இருக்கும்.

"53 ரூபாய்தானா?" என்று மனைவி கேட்டார். "ஒரு மாசத்துக்கு 53 ரூபா மேடம். அடுத்த 8,000 கட்டினா 107 ஆகும். கடன் முடியற வரைக்கும் மாசா மாசம் ஏறிக்கிட்டே போகும்" என்றார் ஆலோசகர்.