பொடியின் நிறம் சொல்லும் சுவர்

மயிலாடுதுறையில் அத்தையின் பழைய வீட்டுக் கூடத்து ஜன்னலில், திரைச்சீலைக் கம்பி ஒரே வருடத்தில் மூன்று முறை கழன்று விழுந்தது. ஒவ்வொரு முறையும் பிளக்கோடு கைப்பிடி அளவுக்குச் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. ஓட்டைக்குள் தீக்குச்சிகளைச் செருகி, திருகை மறுபடி முறுக்கிப் பார்த்தார்கள். குச்சி காய்ந்து சுருங்கியதும் பழைய கதைதான். நான் போனபோது ஓட்டை எலி வளை போல ஆகியிருந்தது.

கம்பியும் துணியும் சேர்ந்து ஆறு கிலோ இருக்கும், ஆக ஒரு பிராக்கெட்டுக்கு மூன்று கிலோ. ஆனால் கம்பி சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிற்கிறது. அந்த எடை பிராக்கெட்டின் கீழ் விளிம்பைச் சுவரில் அழுத்தி, மேல் திருகை வெளியே நெம்புகிறது. கீழ் விளிம்புக்கும் மேல் திருகுக்கும் இரண்டு அங்குலம் இடைவெளி என்றால், திருகின் மேல் விழும் இழுவை நாலரை கிலோ. தினமும் காலையில் வெடுக்கென்று இழுக்கும் கையும், திரையில் தொங்கும் பேரனும் தனிக்கணக்கு.

இந்த இழுவையைத் தாங்க வேண்டியது செங்கல். பூச்சு வெறும் தோல். அத்தை வீட்டில் அந்தத் தோலே ஓர் அங்குல கனம். கடையில் வழக்கமாகக் கொடுக்கும் ஒன்றரை அங்குல பிளக்கை அடித்தால் செங்கலுக்குள் போவது அரை அங்குலம்தான். மீதி, உதிரும் சுண்ணாம்பில் விரிந்துகொண்டு இருக்கும்.

பூச்சு எங்கே முடிகிறது என்பதை ட்ரில்லில் இருந்து கொட்டும் பொடியே காட்டிவிடும். முதலில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ வரும். செங்கலைத் தொட்டதும் சிவக்கும். சிவப்பு தொடங்கிய ஆழத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் இரண்டே கால் அங்குலம் துளைக்க வேண்டும். பிட்டில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் ஆழம் தவறாது. ஹேமரை அணைத்துவிடுங்கள். அந்தக் குத்தல் பூச்சைச் செங்கலிலிருந்து பெயர்த்துவிடும். பழைய செங்கலுக்கு வெறும் சுழற்சியே போதும். ஜன்னலுக்கு மேலே வயர் ஓடுகிறதா என்று தெரியாவிட்டால் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி ட்ரில்லால் வேலை செய்யலாம்.

துளையில் தங்கிய பொடியை சைக்கிள் பம்பால் ஊதி வெளியேற்றிவிட்டு, இரண்டு அங்குல பிளக்கைப் பூச்சையும் தாண்டி உள்ளே தட்டி இறக்க வேண்டும். பிளக்கின் தலை சுவர் மட்டத்தில் நிற்கக் கூடாது, செங்கலின் மட்டத்தில் நிற்க வேண்டும். திருகு பிராக்கெட்டின் தகட்டையும் பூச்சையும் கடந்து பிளக்கின் அடிவரை எட்ட வேண்டும். அத்தை வீட்டுக்கு அது மூன்றே கால் அங்குலம்.

இடது பக்கம் இப்படியே முடிந்தது. வலது பக்கத்தில் பொடி சிவந்து, பிறகு மறுபடி வெளுத்தது. இரண்டு செங்கலுக்கு நடுவில் உள்ள சுண்ணாம்புச் சாந்துக்குள் பிட் போயிருந்தது. அங்கே பிளக் நிற்காது. பிராக்கெட்டைத் தள்ளிவைக்கலாம் என்றால் கம்பியின் நீளம் இடம் கொடுக்கவில்லை.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆசாரி கேட்டார், "பிராக்கெட் இருக்கற இடத்துலதான் ஓட்டை போடணும்னு யாரு தம்பி சொன்னது?"

அவர் சொன்னபடி ஆறடி நீளம், நாலு அங்குல அகலம், முக்கால் அங்குல கனத்தில் ஒரு தேக்குப் பட்டி வாங்கினோம். இடது பிராக்கெட்டையும் கழற்றிவிட்டு, ஜன்னலுக்கு மேலே பட்டியைக் கிடையாக வைத்தோம். நல்ல செங்கல் கிடைத்த ஐந்து இடங்களில், பட்டியின் மேல் பாதியில் நாலு அங்குலத் திருகுகளை ஏற்றினோம். சாந்து வந்த இடங்களை விட்டுவிட்டு நாலு விரல் தள்ளித் துளைத்தோம். பிராக்கெட்டுகளைப் பட்டியில் வேண்டிய இடத்தில் சின்ன மரத்திருகால் பிடித்தோம். இப்போது ஆறு கிலோவின் நெம்புதல் ஐந்து திருகுகளுக்குப் பிரிகிறது. சமமாகப் பிரியாதுதான். என்றாலும், முன்பு ஒற்றைத் திருகு தாங்கியதில் பாதிகூட ஒன்றின் மேல் விழாது.

பட்டி வைக்கும் முன் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். டொப்பென்று வெற்றொலி வந்தால் பூச்சு செங்கலை விட்டு விலகியிருக்கிறது. அதன்மேல் திருகை இறுக்கினால் நொறுங்கும். அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசி, ஒரு வாரமாவது நனைத்த பிறகுதான் ட்ரில்லைத் தொடலாம். செங்கலே உப்புப் பூத்து மாவாகக் கொட்டும் சுவர் என்றால் பட்டியும் உதவாது. அங்கே ஜன்னலின் மரச் சட்டத்திலேயே சிறிய பிராக்கெட்டைத் திருகிக்கொள்வது உத்தமம். சுவரை மறைக்கும் அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

துணியை மாட்டும் முன் ஆசாரி ஒவ்வொரு பிராக்கெட்டிலும் ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டார். பத்து லிட்டர் வாளி. அரைமணி நேரம் கழித்து, பட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்துப் பார்த்தார். தாள் நுழையவில்லை.