பங்கை விற்றாச்சு, டிவிடெண்ட் யாருக்கு?

பங்கை விற்று, பணத்தையும் எடுத்துச் செலவழித்தாகிவிட்டது. ஒரு மாதம் கழித்து அதே கம்பெனியிலிருந்து வங்கிக் கணக்கில் டிவிடெண்ட் வந்து விழுகிறது. தவறுதலாக வந்துவிட்டதோ, திருப்பிக் கேட்பார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், டிவிடெண்ட் அறிவிப்பைப் பார்த்து ஆசையாகப் பங்கு வாங்கியவர், பங்கு டீமேட்டில் பத்திரமாக இருந்தும் பத்துப் பைசாகூட வரவில்லையே என்று புரோக்கரிடம் சண்டை போடுகிறார். இரண்டு இடத்திலும் தப்பு எதுவும் நடக்கவில்லை. இருவருக்கும் நடுவே நின்று தீர்ப்பு சொல்வது ஒரே ஒரு தேதிதான்.

கம்பெனிக்கு லட்சக்கணக்கில் பங்குதாரர்கள். பங்குகள் தினமும் கைமாறுகின்றன. அதனால், ‘இந்த நாள் முடிவில் யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவருக்குத்தான் டிவிடெண்ட்’ என்று கம்பெனி ஒரு நாளைக் குறித்துவிடுகிறது. அதுதான் ரெக்கார்டு தேதி. அன்று வேலை முடிந்ததும், யார் யாரிடம் எத்தனை பங்கு என்ற பட்டியல் என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு டெபாசிட்டரிகளிடமிருந்து கம்பெனியின் பதிவாளருக்குப் போகிறது. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் பணம் உண்டு, இல்லாவிட்டால் கிடையாது. எப்போது வாங்கினீர்கள், எத்தனை வருடம் வைத்திருந்தீர்கள், மறுநாளே விற்றீர்களா என்றெல்லாம் அந்தப் பட்டியல் கேட்பதில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நீங்கள் பங்கு வாங்கும் நாளும் அது உங்கள் பெயருக்கு மாறும் நாளும் வேறு வேறு. இன்று வாங்கினால் அடுத்த வேலை நாளில்தான் டீமேட்டுக்கு வரும். சந்தைக்காரர்கள் இதை ‘டி பிளஸ் ஒன்’ என்பார்கள். ரெக்கார்டு தேதியன்றே வாங்கினால் அன்றைய பட்டியலில் உங்கள் பெயர் ஏற வழியே இல்லை. ஆகவே, ‘இன்று முதல் வாங்குகிறவருக்கு இந்த டிவிடெண்ட் சேராது’ என்று பங்குச் சந்தை ஒரு நாளை அறிவிக்கிறது. அதுதான் எக்ஸ் டிவிடெண்ட் தேதி, சுருக்கமாக எக்ஸ் தேதி.

நிஜமாக நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்ஃபோசிஸ் கம்பெனியின் இயக்குநர் குழு 2025 ஏப்ரல் 17 அன்று பங்குக்கு 22 ரூபாய் இறுதி டிவிடெண்ட் பரிந்துரைத்தது. ரெக்கார்டு தேதி மே 30, வெள்ளிக்கிழமை. எக்ஸ் தேதியும் அதே வெள்ளிதான். பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஜூன் 25. பணம் பட்டுவாடா ஜூன் 30.

இதில் ஒருவரிடம் 600 பங்கு இருந்ததாக வைத்துக்கொள்வோம். டிவிடெண்ட் கணக்கு 13,200 ரூபாய். அவர் மே 29, வியாழக்கிழமை விற்றிருந்தால் பங்குகள் வெள்ளிக்கிழமை வாங்கியவரின் டீமேட்டுக்குப் போய்விடும். வெள்ளி இரவுப் பட்டியலில் வாங்கியவரின் பெயர்தான் இருக்கும். 13,200 ரூபாயும் அவருக்கே. வியாழன் இரவு டீமேட் அறிக்கையைப் பார்த்தால் 600 பங்கும் விற்றவர் கணக்கில் இன்னும் இருப்பதுபோலத் தெரிந்திருக்கும். அதை நம்பிப் புண்ணியமில்லை. அவை மறுநாள் கொடுப்பதற்காக முடக்கி வைக்கப்பட்ட பங்குகள்.

அதே ஆள் ஒரு நாள் பொறுத்து, வெள்ளிக்கிழமை காலை சந்தை திறந்ததும் விற்றிருந்தால் கதை மாறுகிறது. அந்த விற்பனை திங்கட்கிழமை, ஜூன் 2 அன்றுதான் தீரும். வெள்ளி இரவு பங்கு அவர் பெயரிலேயே இருக்கிறது. திங்கள் முதல் அவரிடம் ஒரு பங்குகூட இல்லை. ஜூன் 25 பொதுக்கூட்டத்தில் டிவிடெண்டுக்கு ஒப்புதல் கிடைத்தபோது அவர் அந்தக் கம்பெனியின் பங்குதாரரே அல்ல. இருந்தாலும் ஜூன் 30 பட்டுவாடாவில் அவருக்குப் பங்கு உண்டு. யாரும் திருப்பிக் கேட்க முடியாது. எக்ஸ் தேதியன்று விற்றால் டிவிடெண்ட் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. அதற்கு முந்தின நாள் விற்றால்தான் போகும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2003 ஏப்ரல் முதல் நம் சந்தையில் பங்கு கைமாற இரண்டு வேலை நாள் ஆனது. அப்போது எக்ஸ் தேதி, ரெக்கார்டு தேதிக்கு ஒரு நாள் முன்னால் வரும். ‘ரெக்கார்டு தேதிக்கு இரண்டு நாள் முன்பே வாங்கிவிடு’ என்று புரோக்கர் அலுவலகங்களில் சொல்லிக்கொடுத்தது அந்தக் காலத்துக் கணக்கு. 2022 பிப்ரவரியில் தொடங்கி படிப்படியாக ஒரு நாள் முறைக்கு மாறி, 2023 ஜனவரி 27 அன்று எல்லாப் பங்குகளும் அதற்குள் வந்துவிட்டன. இப்போது இரண்டு தேதியும் பெரும்பாலும் ஒன்றே. பழைய புத்தகமோ பழைய வீடியோவோ பார்த்துக் கற்றவர்கள் மட்டும் இன்னும் ஒரு நாள் தள்ளியே எண்ணுகிறார்கள்.

‘பெரும்பாலும்’ என்று சொன்னதற்குக் காரணம் விடுமுறை. ரெக்கார்டு தேதி ஒரு சனிக்கிழமையில் விழுந்தால், வெள்ளிக்கிழமை வாங்கியது திங்களன்றுதான் கைக்கு வரும். அதனால் எக்ஸ் தேதி வெள்ளியாகிவிடும். வாங்க நினைப்பவருக்கு வியாழனே கடைசி நாள். சந்தை திறந்திருந்து வங்கிகள் மூடியிருக்கும் நாட்களிலும் இப்படித் தள்ளிப்போகலாம். விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பதைவிட, என்.எஸ்.இ. இணையதளத்தில் ‘Corporate Actions’ பக்கத்தில் எக்ஸ் தேதி என்று என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிடுவது உத்தமம்.

அப்படியானால் வியாழன் வாங்கி, வெள்ளி விற்று, நடுவில் டிவிடெண்டைத் தட்டிக்கொண்டு போகலாமே? இந்த யோசனை வராதவர்கள் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும்.

வியாழன் விலை எளிதாக 1,500 ரூபாய் என்று வையுங்கள். 600 பங்குக்கு 9 லட்சம் ரூபாய். அந்த விலைக்குள் வரப்போகும் 22 ரூபாயும் அடங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வாங்குகிறவருக்கு அது கிடையாது என்பதால் அவர் 22 ரூபாய் குறைத்துத்தான் கேட்பார். வேறு எந்தச் செய்தியும் இல்லையென்றால் விலை 1,478 ரூபாயை ஒட்டித் திறக்கும். அன்று உலகச் சந்தை ஏறினால் இந்த இறக்கம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம், இறங்கினால் இரட்டிப்பாகத் தெரியலாம். ஆனால் அந்த 22 ரூபாய் கம்பெனியின் கஜானாவிலிருந்து போகும் பணம். அது விலையில் கழியாமல் இருக்காது.

ஆக, பங்கில் 13,200 ரூபாய் நஷ்டம், டிவிடெண்டில் 13,200 ரூபாய் வரவு. சரிக்குச் சரி என்று தோன்றும். இங்கேதான் வரித்துறை உள்ளே நுழைகிறது. 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட், வாங்குகிறவரின் வருமானமாகவே கணக்கிடப்படுகிறது. 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 31.2 சதவீதம், அதாவது சுமார் 4,118 ரூபாய் போய்விடும். பங்கில் வந்த 13,200 ரூபாய் குறுகிய கால மூலதன நஷ்டம். அதை டிவிடெண்டோடு கழித்துக்கொள்ள விடமாட்டார்கள், வேறு பங்கில் கிடைத்த மூலதன லாபத்தோடுதான் கழிக்கலாம். போதாததற்கு, வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி. இரண்டும் சேர்ந்து இன்னொரு 1,787 ரூபாய். டிவிடெண்டுக்காக மட்டும் ஒரு நாள் வந்து போகிறவர் கைப்பணத்தைச் செலவழித்து வரி கட்டுகிறார் என்பதுதான் உண்மை.

இதையே திருப்பிப் பார்த்தால், எக்ஸ் தேதிக்கு முந்தின நாள் விற்றவர் எதையும் இழக்கவில்லை. அவருக்கு வரவேண்டிய 22 ரூபாய், விற்ற விலைக்குள்ளேயே வந்துவிட்டது. உயர்ந்த வரி வரம்பில் இருப்பவருக்கு அதுவே லாபமாகவும் இருக்கலாம். ‘ஒரு நாள் பொறுத்திருந்தால் டிவிடெண்டும் கிடைத்திருக்குமே’ என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

காகிதப் பங்குப் பத்திரக் காலத்தில் இது இவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை. பத்திரத்தோடு மாற்றுப் படிவத்தையும் கையெழுத்து வாங்கி, கம்பெனிக்கு அனுப்பி, பதிவேட்டில் பெயர் மாறுவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அதற்குள் டிவிடெண்ட் வந்தால் பதிவேட்டில் இருக்கும் பழைய ஆளின் பெயருக்கே வாரண்ட் போகும். பணம் கொடுத்து வாங்கியவர் அவரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். அந்தத் தகராறுக்காகவே கம்பெனிச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பெயர் மாற்றம் நிலுவையில் இருந்தால், பதிவேட்டில் உள்ளவர் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளாதவரை, கம்பெனி அந்த டிவிடெண்டை யாருக்கும் கொடுக்காமல் தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். இன்றைய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 126ஆம் பிரிவு.

இன்று பட்டியலில் பெயர் இருந்தும் பணம் வராமல் போவதற்கு வேறு காரணம். டிவிடெண்ட் போய்ச் சேருவது டீமேட் கணக்கில் பதிந்திருக்கும் வங்கிக் கணக்குக்கு. வேலை மாறி, ஊர் மாறி, பழைய சம்பளக் கணக்கை மூடிவிட்டு டீமேட்டில் திருத்தாமல் விட்டால் பணம் திரும்பிப் போகும். டிவிடெண்ட் அறிவிக்கப்பட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பொதுக்கூட்டம் நடந்தே 30 நாள் தாண்டிவிட்டது, பணம் இல்லையென்றால், முதலில் அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் பாருங்கள். பிறகு கம்பெனியின் பதிவாளருக்கு எழுதுங்கள். புரோக்கரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, பணம் அவர் வழியாக வருவதில்லை.

வந்த தொகை குறைவாக இருந்தால் அதற்கும் விளக்கம் உண்டு. ஒரு கம்பெனியிலிருந்து ஒரு நிதியாண்டில் வரும் டிவிடெண்ட் 10,000 ரூபாயைத் தாண்டினால், அவர்கள் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். நம் 600 பங்குக்காரருக்கு 1,320 ரூபாய் போக 11,880 ரூபாய்தான் வரும். பிடித்ததை வருமான வரிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். ரெக்கார்டு தேதிப் பட்டியலில் யார் பெயர் இருந்ததோ அவர் பேரில்தான் அந்த வரியும் பதிவாகும். விற்றுவிட்டேனே என்று ஜூன் மாத டிவிடெண்டைக் கணக்கில் காட்டாமல் விடாதீர்கள். வரித்துறையின் பதிவில் அது ஏற்கெனவே உங்கள் பான் எண்ணுக்கு எதிரே ஏறியிருக்கும்.

கேட்டு வாங்காத டிவிடெண்ட் ஏழு ஆண்டுக்குப் பிறகு, மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். ஏழு ஆண்டும் தொடர்ந்து ஒரு தடவைகூட வாங்காமல் விட்டால் பங்குகளும் கூடவே போகும். விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம்தான், ஆனால் அலைச்சல் அதிகம். பழைய டீமேட் கணக்கு எதிலாவது பங்கு வைத்திருப்பவர்கள் இந்த வாரமே அதில் எந்த வங்கிக் கணக்கு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.